பாட்டிக்கு 'பித்தம்', அம்மாவுக்கு 'சைனஸ்', மகளுக்கு மைக்ரேன்: ஒரே வீட்டுப் பெண்களைத் துரத்தும் தலைவலிக்கு என்ன காரணம்?

ஒரு வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள். பாட்டிக்கு மாதம் இரண்டு முறையாவது "பித்தத் தலைவலி" வரும். வாந்தி எடுத்த பிறகுதான் வலி குறையும். அம்மாவுக்கு இருப்பது "சைனஸ்". தலைக்குக் குளித்தால், வெயிலில் போய்விட்டு வந்தால் நெற்றிப்பொட்டு தெறிக்கும். அறையை இருட்டாக்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். மகளுக்கு 27 வயது, ஐ.டி. வேலை. அவருக்கு வருவது "சிஸ்டம் முன்னாடியே உட்கார்ந்திருக்கறதால வர்ற தலைவலி" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வயது இளையவரான தம்பியும் அதே நேரம் லேப்டாப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் இல்லை.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படும் குடும்பம்தான். ஆனால், படிக்கும் பலருக்கும் தங்கள் வீடு நினைவுக்கு வரலாம். மூன்று பெயரில் அழைக்கப்பட்டாலும் மூவருக்கும் இருப்பது ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி.

உலகில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவில் வீடு வீடாக நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25 சதவீதம் பேர். அதாவது 4 பேரில் ஒருவர். அங்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பாதிப்பு அதிகம். வயது வந்தவர்களில் ஓர் ஆணுக்கு மைக்ரேன் இருந்தால், 2 முதல் 3 பெண்களுக்கு இருக்கிறது என்பதுதான் பல நாட்டு ஆய்வுகளும் காட்டும் கணக்கு.

ஏன் குடும்பத்தில் தொடர்கிறது? ஏன் பெண்களுக்கு அதிகம்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது.

அது மைக்ரேன்தான் என்று எப்படித் தெரியும்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மைக்ரேன் என்றாலே தலையின் ஒரு பக்கம் மட்டும்தான் வலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். கன்னம், கண்ணைச் சுற்றி வலித்து, மூக்கில் நீர் ஒழுகவும் செய்யும். அதனால்தான் "சைனஸ்" என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. 2004-ல் அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தபோது, 10-ல் கிட்டத்தட்ட 9 பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய வழி மூன்று கேள்விகள். தலைவலியோடு குமட்டல் வருகிறதா? வெளிச்சம் வழக்கத்தைவிட அதிகமாகத் தொந்தரவு செய்கிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனதா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை போடாவிட்டால் வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பதும் அதன் அடையாளம்.

பாட்டியிடம் "உங்களுக்கு மைக்ரேன் இருந்ததா?" என்று கேட்டால் "அதெல்லாம் எனக்கு இல்லம்மா" என்றுதான் பதில் வரும். "தலைவலி வந்தா வாந்தி வருமா? லைட் போட்டா எரிச்சலா இருக்குமா? அன்னிக்கு சமைக்க முடியுமா?" என்று கேட்டால் கதையே வேறு. குடும்ப வரலாறு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அம்மா மகளுக்குக் கொடுத்தது என்ன?

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவருக்கு மைக்ரேன் வருவதற்கும் இன்னொருவருக்கு வராமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணுக்களால் வருகிறது. மீதி, வாழ்க்கைச் சூழலால்.

டென்மார்க்கில் 1995-ல் வெளியான குடும்ப ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. சிலருக்கு வலி தொடங்கும் முன் கண் முன்னே மின்னும் கோடுகள், வளைந்து நெளியும் ஒளி வடிவங்கள் தெரியும். இதற்கு 'ஆரா' என்று பெயர். ஆரா இல்லாத மைக்ரேன் ஒருவருக்கு இருந்தால், அவரது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 2 மடங்கு. ஆராவுடன் கூடிய மைக்ரேன் என்றால் சுமார் 4 மடங்கு.

ஆனால், 'மைக்ரேன் மரபணு' என்று ஒன்று இல்லை. 2022-ல் வெளியான மிகப்பெரிய மரபணு ஆய்வில் மைக்ரேன் உள்ள 1 லட்சத்து 2 ஆயிரம் பேரின் மரபணுக்கள், மைக்ரேன் இல்லாத 7 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மரபணுக்களோடு ஒப்பிடப்பட்டன. மைக்ரேனோடு தொடர்புடைய 123 இடங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பல சேர்ந்தால்தான் விளைவு தெரியும். அதனால், ஒரு பரிசோதனை எடுத்து "உனக்கு மைக்ரேன் வரும், வராது" என்று சொல்ல இன்றைக்கு வழி இல்லை.

இந்த இடங்களில் பெரும்பாலானவை ஆண், பெண் இருவருக்கும் பொதுவான குரோமோசோம்களில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் தம்பியும் அதே அம்மாவிடமிருந்து பாதி மரபணுக்களைப் பெற்றவர்தான். அக்காவுக்குக் கிடைத்த அளவே அவருக்கும் கிடைத்திருக்கலாம். இன்னொன்று, அப்பாவுக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை என்றாலும் அவர் வழியாகவும் இது பிள்ளைகளுக்கு வரலாம். "அம்மா வழி நோய்" என்று முத்திரை குத்துவது சரியில்லை.

அப்படியானால் பரம்பரையாக வருவது எது? தலைவலி இல்லை. மூளையின் உணர்திறன்.

பழகிக்கொள்ளாத மூளை

புதிதாக ஒரு அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோனால், முதல் இரண்டு நாள் பக்கத்து ரோட்டின் ஹாரன் சத்தம் தூங்கவிடாது. ஒரு வாரத்தில் அது காதிலேயே விழாது. ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்கான பதிலைக் குறைத்துக்கொள்கிறது.

மைக்ரேன் உள்ளவர்களின் மூளை இந்த இடத்தில் வேறுபடுகிறது. ஆய்வகத்தில், சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி, தலையில் ஒட்டிய மின்முனைகள் மூலம் மூளையின் பதிலை அளந்தார்கள். மைக்ரேன் இல்லாதவர்களுக்கு அந்தப் பதில் போகப் போகக் குறைந்தது. மைக்ரேன் உள்ள பலருக்குக் குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. அதுவும் வலி இல்லாத சாதாரண நாட்களில். எல்லா ஆய்வுகளிலும் இது ஒரே அளவில் தெரியவில்லை என்றாலும், பலமுறை பதிவான வேறுபாடு இது.

அதனால்தான் மற்றவர்கள் கண்டுகொள்ளாத விஷயங்கள் இவர்களுக்கு வலியாக முடிகின்றன. ஒரு வேளை சாப்பாடு தவறுவது, தூக்கம் இரண்டு மணி நேரம் குறைவது அல்லது கூடுவது, உச்சி வெயில், கடுமையான சென்ட் வாசனை. நம் ஊரில் "தலைக்குக் குளிச்சா தலைவலி வருது" என்று பெண்கள் சொல்வதும் கற்பனை இல்லை. மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

தூண்டுதல் ஒரு எல்லையைத் தாண்டும்போது என்ன நடக்கிறது? மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உறைக்கும், அதில் ஓடும் ரத்தக்குழாய்களுக்கும் தெரியும். முகத்துக்கும் தலைக்கும் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பின் முனைகள் அங்கே 'சி.ஜி.ஆர்.பி' என்ற புரதப் பொருளை வெளியிடுகின்றன. அதுதான் வலிச் செய்தியைப் பெரிதாக்குகிறது. மைக்ரேன் உள்ளவர்களின் ரத்தத்தில் இதைச் செலுத்தினால் பலருக்கு மைக்ரேனே வந்துவிடுகிறது. 2018 முதல் வந்துள்ள புதிய தடுப்பு மருந்துகள் குறிவைப்பது இந்தப் பொருளைத்தான். 2022 மரபணு ஆய்வு காட்டிய 123 இடங்களில் ஒன்று, சி.ஜி.ஆர்.பி-யை உருவாக்கும் மரபணுக்கள் உள்ள இடம்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

சின்ன வயதில் இந்த வேறுபாடு கிடையாது. பருவமடைவதற்கு முன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மைக்ரேன் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. பெண்கள் பூப்பெய்திய பிறகுதான் கோடு பிரிகிறது. 30, 40 வயதுகளில் இடைவெளி உச்சத்தைத் தொடுகிறது. மாதவிடாய் முழுமையாக நின்ற பிறகு பலருக்குக் குறைகிறது. இந்த வயதுக் கணக்கே ஹார்மோனைக் கைகாட்டுகிறது.

எந்த ஹார்மோன், எப்படி என்பதற்கு முதல் தெளிவான பதில் 1972-ல் வந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில், மாதவிடாயை ஒட்டி மைக்ரேன் வரும் சில பெண்களை எடுத்துக்கொண்டார். மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டுமே உடலில் குறைகின்றன. எது காரணம்? புரொஜெஸ்டிரோன் ஊசி போட்டபோது மாதவிடாய் தள்ளிப்போனது, ஆனால் தலைவலி வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டபோது மாதவிடாய் நேரத்துக்கு வந்தது, தலைவலி சில நாட்கள் தள்ளிப்போனது. ஊசியின் வேகம் குறைந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் தலைவலி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பிரச்னை ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதில் இல்லை. அது இறங்குவதில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு உயர்ந்து நிலையாக இருக்கும். அப்போது, முக்கியமாக நான்காவது மாதத்துக்குப் பிறகு, பல பெண்களுக்கு மைக்ரேன் நன்றாகக் குறைகிறது. பிரசவம் முடிந்ததும் ஹார்மோன் சட்டென்று சரியும்போது திரும்பி வருகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்கும்போது பலருக்கு மோசமாகிறது.

ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் ஏன் தலை வலிக்க வேண்டும்? ஒரு துப்பு 2023-ல் ஜெர்மனியின் பெர்லினில் உள்ள ஷாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்தது. மாதவிடாய் நாட்களில், மைக்ரேன் உள்ள பெண்களின் ரத்தத்திலும் கண்ணீரிலும் சி.ஜி.ஆர்.பி அளவு மற்ற பெண்களைவிட அதிகமாக இருந்தது. வலியைப் பெரிதாக்கும் அதே பொருள்தான்.

மூன்றும் சேரும் இடம்

மரபணு, ஹார்மோன், மூளையின் உணர்திறன். மூன்றும் தனித்தனிக் காரணங்கள் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று அமர்கின்றன என்பதை அழகாகக் காட்டியது 2009-ல் வெளியான ஒரு எலி ஆய்வு.

ஆரா வரும்போது மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை மெல்ல நகர்கிறது. நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகம்தான். அலை போகும் வழியில் நரம்பணுக்கள் முதலில் கொந்தளித்து, பிறகு சிறிது நேரம் அடங்கிப்போகின்றன. ஒரே மரபணு மாற்றத்தாலேயே உண்டாகும் அரிய வகை மைக்ரேன் ஒன்று உண்டு. அதில் உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும். மனிதர்களிடம் காணப்படும் அந்த மரபணு மாற்றத்தை பாஸ்டன் ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்து, மூளையில் இந்த அலையைச் செயற்கையாகத் தூண்டினார்கள்.

சாதாரண எலிகளைவிட மாற்றம் பெற்ற எலிகளுக்கு அலை எளிதாக வந்தது. இது மரபணுவின் வேலை. ஆனால் அதே மாற்றம் பெற்ற ஆண் எலியையும் பெண் எலியையும் ஒப்பிட்டால், பெண்ணுக்கு இன்னும் எளிதாக வந்தது. சூலகத்தை அகற்றியபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரளவு மீண்டும் தலைகாட்டியது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அக்கா, தம்பி புதிருக்கு இது ஒரு விடை தருகிறது. மரபணு ஒருவரின் மூளைக்கு 'இதுக்கு மேல தாங்காது' என்ற எல்லையைக் குறிக்கிறது. அக்காவுக்கு அந்த எல்லை மாதம் ஒருமுறை இன்னும் கீழே இறங்குகிறது. தம்பிக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. ஆண்களுக்கும் மைக்ரேன் வரத்தான் செய்கிறது. ஆனால் எல்லையைத் தாண்ட அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் தூண்டுதல் பெரும்பாலும் அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்று மாத டைரி சொல்லும் கதை

நாம் பார்த்த 27 வயது மகள் மூன்று மாதம் குறிப்பு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீரியட்ஸ் தொடங்கிய தேதிகள் ஜனவரி 9, பிப்ரவரி 6, மார்ச் 7. தலைவலி வந்தது ஜனவரி 8, ஜனவரி 24, பிப்ரவரி 7, மார்ச் 6.

மருத்துவர்கள் பார்ப்பது 5 நாள் ஜன்னல். மாதவிடாய்க்கு முந்தைய 2 நாட்கள், மாதவிடாயின் முதல் 3 நாட்கள். மூன்று சுழற்சிகளில் குறைந்தது இரண்டிலாவது இந்த ஜன்னலுக்குள் மைக்ரேன் வந்தால் அது மாதவிடாயோடு தொடர்புடையது என்று கொள்வார்கள். ஜனவரி ஜன்னல் 7 முதல் 11 வரை, வலி வந்தது 8-ம் தேதி. பிப்ரவரியில் 4 முதல் 8 வரை, வந்தது 7-ம் தேதி. மார்ச்சில் 5 முதல் 9 வரை, வந்தது 6-ம் தேதி. மூன்றுக்கு மூன்று.

ஜனவரி 24 மட்டும் தனியாக நிற்கிறது. டைரியில் முந்தைய நாளைப் பார்த்தால், ரிலீஸ் வேலை இரவு 2 மணி வரை, டின்னர் இல்லை, மறுநாள் மதிய வெயிலில் பைக் பயணம். மூன்று தூண்டுதல் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு குறிப்பு இன்னும் சுவாரஸ்யமானது. பிப்ரவரி 20-ம் தேதி மீட்டிங் இழுத்ததில் மதியச் சாப்பாடு தவறியிருக்கிறது. தலைவலி இல்லை. மார்ச் 6-ம் தேதியும் மதியச் சாப்பாடு தவறியிருக்கிறது. மாலையே தலைவலி. சாப்பாடு தவறியது ஒன்றுதான், எல்லைதான் வேறு இடத்தில் இருந்தது. "அன்னிக்கும்தான் சாப்பிடல, அப்ப வரலையே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இந்த டைரியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? மரபணுவையும் மாதவிடாயையும் மாற்ற முடியாது. எல்லை இறங்கும் அந்த 5 நாட்களில் சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் சீராக வருபவர்களுக்கு அந்த நாட்களுக்கு மட்டும் தடுப்பு மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாத இரண்டு விஷயங்கள்

முதலாவது, ஆரா. பிசிஓஎஸ் பிரச்னைக்காகவும், மாதவிடாயைச் சீராக்கவும், கருத்தடைக்காகவும் இளம்பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆராவுடன் கூடிய மைக்ரேன் உள்ள பெண்களுக்கு பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சற்று அதிகம். இந்த மாத்திரை சேரும்போது அது இன்னும் கூடும். ஆரா உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகப்பேறு மருத்துவர் "தலைவலி உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்பதோடு நிறுத்தாமல், "வலிக்கு முன்னாடி கண்ல கோடு கோடா மின்னும்" என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று வழிகள் இருக்கின்றன.

இரண்டாவது, மாதம் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள் என்பது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளையும் ட்ரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பல வருடம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம்.

திடீரென்று சில நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாக வரும் தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் கடும் தலைவலி ஆகியவற்றை "பரம்பரையா வர்றதுதானே" என்று விடக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த மூன்று தலைமுறை வீட்டில் அடுத்த முறை மகள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கையில் டைரியோடு இன்னும் இரண்டு வரிகளும் இருக்கும்: பாட்டிக்கு வாந்தியோடு வந்த தலைவலி, 55 வயதுக்குப் பிறகு நின்றுவிட்டது. அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது, 48 வயதாகிறது, கடந்த இரண்டு வருடமாக அதிகமாகிவிட்டது. ஸ்கேன் எதிலும் தெரியாத தகவல் அது. கூடவே அம்மாவையும் அழைத்துப் போனால், 'சைனஸ்' என்று பல வருடமாகப் போட்டுவரும் மாத்திரைக்கும் ஒரு முடிவு கிடைக்கலாம்.